சேர்வதற்குக் கட்டும் பணம் திரும்பி வருமா?

நிந்தவூரில் உள்ள எனது பலசரக்குக் கடைக்குச் சில காலத்துக்கு முன் உறவுக்காரத் தம்பி ஒருவர் வந்தார். கையில் வண்ணக் கையேடு ஒன்று இருந்தது.

"காக்கா, 60,000 ரூபா கட்டினால் சத்துணவுப் பொதி ஒன்று தருவார்கள். பிறகு உங்களுக்குக் கீழே இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் சேர்ந்தால் அது ஒரு சோடி. சோடிக்கு 10,000 ரூபா. வட்டியும் இல்லை, வியாபாரம்தானே" என்றார்.

வட்டி இல்லை என்பதால் மட்டும் ஒரு கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடாது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிட்டு, கடைக்காரன் என்ற வகையில் கணக்கை மட்டும் பார்த்தேன்.

முதலில் பொதியைப் பிரித்து, அதே வகைச் சாமான்கள் கல்முனைக் கடைகளில் என்ன விலை போகின்றன என்று விசாரித்தேன். மொத்தம் 12,000 ரூபாவைத் தாண்டவில்லை. ஆகவே பொருளுக்குரியது 12,000 ரூபா. மீதி 48,000 ரூபா, சேர்வதற்கான கட்டணம்.

அந்த 48,000 ரூபாவை மீட்க ஐந்து சோடி தேவை. அதாவது எனக்குக் கீழே பத்துப் பேர் சேர வேண்டும். "பத்துப் பேர்தானே" என்று தம்பி சிரித்தார். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒவ்வொருவருக்கும் கீழே இன்னும் பத்துப் பேர் வேண்டும் அல்லவா? கடதாசியில் மரம் போல வரைந்து பார்த்தோம். மேலே 1, பிறகு 2, 4, 8 என்று பத்து வரிசை முழுமையாக நிரம்பினால் மொத்தம் 1,023 பேர். கடைசி வரிசையில் உள்ள 512 பேருக்குக் கீழே யாருமில்லை, வருமானமும் இல்லை. அதற்கு மேலே உள்ள 256 பேருக்குத் தலா ஒரு சோடி, 10,000 ரூபா. அதற்கும் மேலே உள்ள 128 பேருக்குத் தலா மூன்று சோடி, 30,000 ரூபா. இந்த மூன்று வரிசையிலும் உள்ள 896 பேர் கட்டணத்தை மீட்கவில்லை. மீட்டவர்கள் 127 பேர் மட்டுமே.

இன்னும் பல வரிசை சேர்ந்தாலும் இந்த விகிதம் மாறாது. எட்டுப் பேரில் ஏழு பேர் நட்டத்தில்தான் நிற்பார்கள். அப்படியே தொடர்ந்தால் 21ஆம் வரிசைக்கு மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பாறை மாவட்டம் முழுவதிலும் இருந்தவர்கள் சுமார் ஆறரை இலட்சம் பேர்தான்.

இதையே சட்டமும் கேட்கிறது. வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி, பணம் கட்டிச் சேர்ந்தவரின் நன்மை பெருமளவுக்குப் புதியவர்கள் சேர்வதிலோ, அவர்கள் கட்டும் பணம் கூடுவதிலோ தங்கியிருந்தால் அது தடை செய்யப்பட்ட பிரமிட் திட்டம். நடத்துபவர் மட்டுமல்ல, ஊக்குவித்து ஆள் சேர்ப்பவரும் இதில் குற்றவாளியாகலாம். இத்தகைய திட்டங்களை நடத்தியதாக மத்திய வங்கி சில பெயர்களை வெளியிட்டுள்ளது. 2023இல் அப்பட்டியலில் எம்டிஎப்ஈ என்ற செயலியும் இடம்பெற்றது.

"கம்பனி பதிவு செய்யப்பட்டது" என்று சான்றிதழைக் காட்டுவார்கள். அப்படி ஒரு கம்பனி உண்டு என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதன் திட்டத்துக்கு யாரும் அனுமதி கொடுத்ததாக ஆகாது.

நேரடி விற்பனை எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1979இல் ஆம்வே நிறுவனத்தின் வழக்கை விசாரித்த வர்த்தக ஆணைக்குழு, அதைப் பிரமிட் திட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. விற்காத சரக்கை நிறுவனம் திருப்பி எடுக்கும் விதி அங்கு இருந்தது. வாங்கிய சரக்கில் பெரும்பகுதியை விற்றிருக்க வேண்டும், வெளியாட்களுக்கு விற்றதைக் காட்ட வேண்டும் என்ற விதிகளும் நடைமுறையில் இருந்தன.

எனவே யாராவது இப்படி வந்தால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். திட்டத்தில் சேராத ஒருவர் இந்தப் பொருளை இந்த விலைக்கு வாங்குவாரா? விற்காத சரக்கை எந்த விலைக்கு, எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பதாக எழுத்தில் தருவார்கள்? நாளையிலிருந்து புதிதாக ஒருவரும் சேராவிட்டால் எனக்கு மாதம் எவ்வளவு வரும்? பிஸ்கட் கம்பனி முகவருக்கும் முற்பணம் உண்டு. ஆனால் அவருக்குப் புதிய முகவர் யாரும் சேரத் தேவையில்லை. கடைகளில் சரக்கு ஓடினால் இலாபம் வரும்.

மூன்றாவது கேள்விக்குத் தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒன்றும் வராது காக்கா" என்றார். அவர் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார். அதை மீட்கத்தான் என்னிடம் வந்திருந்தார். நான் சேர்ந்திருந்தால் எனது பத்துப் பேரை எங்கே தேடியிருப்பேன்? மச்சானிடமும், கொப்பியில் கடன் எழுதும் வாடிக்கையாளரிடமும்தான். 48,000 ரூபாவைப் பிறகும் உழைக்கலாம். அந்த முகங்களை மறுநாள் கடையில் எப்படிப் பார்ப்பது?