ஒரு விளம்பரம் எங்கே முடிகிறது?

நாளிதழில் வரி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். இடத்துக்குக் காசு என்பதால் நெருக்கி அச்சடித்திருப்பார்கள். அதைப் போட்டோ எடுத்தால் எது எந்த விளம்பரம் என்றே தெரியாது. திருப்பூரிலிருந்து மாமா எங்கள் சித்திக்கு அனுப்பிய போட்டோவில் இப்படி இருந்தது. (போன் நம்பரை * போட்டு மறைத்திருக்கிறேன்.)

1. தங்க இடம் உண்டு. செல்: 98*
2. *41.
3. டெய்லர் தேவை. பெண்கள். பி.எஃப்.,
4. இ.எஸ்.ஐ. உண்டு. மாதம் 12,000.
5. 94* *07, 0421-*36.
6. வீடு வாடகைக்கு. 2 ரூம், 450 ச.அடி.
7. அட்வான்ஸ் 30,000. செல்: 99*
8. *18.

சித்திக்கு டெய்லர் வேலை வேண்டும். எந்த நம்பருக்குப் பேசுவது?

முற்றுப்புள்ளியை நம்பி வெட்டக் கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., ச.அடி எல்லாம் சுருக்கம். அங்கே புள்ளி வந்தாலும் விஷயம் முடியவில்லை.

முதலில் போன் நம்பரைத் தேடுங்கள். பெரும்பாலும் அதுதான் கடைசியில் வரும். செல் நம்பருக்கு 10 இலக்கம். முதல் வரியில் 5 தான் இருக்கு, மீதி 5 அடுத்த வரியில் இருக்கு. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு நம்பர். 12,000 சம்பளம், 30,000 அட்வான்ஸ். இலக்கத்தை எண்ணினாலே இவை போன் நம்பர் இல்லைன்னு தெரிஞ்சிடும்.

ஆனால் நம்பருக்கு ஒரு விளம்பரம் என்று எண்ணினால் 4 வரும். அது தப்பு. 5ஆம் வரியில் கமா போட்டு இரண்டு நம்பர் இருக்கிறது. 0421 திருப்பூரின் எஸ்.டி.டி. கோடு, பின்னால் 7 இலக்கம். செல்லும் லேண்ட்லைனும் ஒரே ஆளுடையது. அதனால் துண்டு மூன்றுதான்: 1–2, 3–5, 6–8.

இப்போது ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன விஷயம்? யாரிடம் பேசுவது? 3–5க்கும் 6–8க்கும் இரண்டு பதிலும் உண்டு. 1–2க்கு நம்பர் இருக்கு, விஷயம் இல்லை. அது முந்தின பத்தியில் தொடங்கிய விளம்பரத்தின் வால். “தங்க இடம் உண்டு” என்று இருப்பதால் அதை டெய்லர் வேலையோடு ஒட்டிவிடத் தோன்றும். ஒட்டினால் சித்தி வேறு யாருக்கோ போன் பண்ணுவாங்க. தங்க இடம் இருக்குன்னு நம்பிப் பெட்டியோடு கிளம்பியும் விடுவாங்க. 3–5இல் தங்குவது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதைப் போனில் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

சில விளம்பரத்தில் நம்பரே இருக்காது, “நேரில் வரவும்” என்று விலாசம் மட்டும் இருக்கும். அப்போது பத்தியின் வலது ஓரத்தைப் பாருங்கள். கடைசி வரி பாதியில் நின்று வெள்ளையாக இடம் விட்டிருக்கும். அடுத்த வரியின் முதல் வார்த்தை பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். போட்டோவில் ஓரம் வெட்டுப்பட்டால் இந்த அடையாளங்கள் போய்விடலாம். அப்போது ஊகிக்காமல், பத்தி முழுவதும் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ கேளுங்கள்.

– 9ஆம் வகுப்பு மாணவி