புள்ளிகள் எத்தனை?
(பழைய புகைப்படத்தைச் சீர் செய்யுமுன் அறிய வேண்டியது)

பத்தாம் வகுப்பு மாணவியர்



நம் பள்ளியின் பழைய மாணவியர் சந்திப்புக்காகப் படக் கண்காட்சி ஒன்று அமைக்கும் பொறுப்பு எங்கள் வகுப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. பலரும் பழைய புகைப்படங்களைக் கொண்டுவந்து தந்தார்கள். அவர்களுள் ஒரு பாட்டி, 1961ஆம் ஆண்டு விடுதி மாணவியர் அனைவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தைக் கொடுத்தார். கடைசி வரிசையில் இடப்புறம் நின்ற சிறுமியைச் சுட்டிக்காட்டி, “இது என் தங்கச்சி. மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படமே இல்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எடுத்துத் தருவீர்களா, பிள்ளைகளா?” என்று கேட்டார்.

தருகிறோம் என்று சொல்லிவிட்டோம். படத்தை ஸ்கேனரில் வைத்து, அது தானாகக் காட்டிய அளவான 300-ஐ மாற்றாமல் அப்படியே எடுத்தோம். பிறகு நான்கு மாலை வேளைகள் கணினி முன் அமர்ந்து, விரிசல்களையும் பூஞ்சைக் கறைகளையும் ஒவ்வொன்றாக அகற்றினோம். ஐந்தாம் நாள் தங்கையின் முகத்தைப் பெரிதாக்கினோம். ஐயோ! முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்களே தெரிந்தன. கண்கள் இரு கரும்புள்ளிகளாக இருந்தன.

தவறு எங்கே நேர்ந்தது? சீர் செய்ததில் அன்று. அதற்கு முன்பே, ஸ்கேன் செய்தபோதே நேர்ந்துவிட்டது.

எண்ணின் பொருள்

ஸ்கேனர் புகைப்படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்துப் படிக்கிறது. 300 என்றால் ஓர் அங்குல நீளத்தை 300 புள்ளிகளாகப் படிக்கிறது என்று பொருள். திரையில் இந்த எண்ணின் அருகே dpi என்று காணலாம். தாளில் அச்சிடும்போதும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் இருந்தால், கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் நம் கண்ணுக்குப் புள்ளிகள் தனித்தனியே தெரிவதில்லை. ஆகவே படத்தை அதே அளவில் மீண்டும் அச்சிட 300 போதும். பெரிதாக்க வேண்டுமானால், எத்தனை மடங்கு பெரிதாக்குகிறோமோ அத்தனை மடங்கு 300 வேண்டும்.

இதை எங்கள் படத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். படம் 6 அங்குலத்துக்கு 8 அங்குலம். கண்காட்சிக்கு அதை 12-க்கு 16 ஆக, அதாவது இரு மடங்காகப் பெரிதாக்க வேண்டும். எனவே 600 தேவை. தங்கையின் முகமோ அளவுகோலால் அளந்தபோது கால் அங்குல உயரமே இருந்தது. அதை ஓர் அங்குலமாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு. எனவே 1200 தேவை. நாங்கள் 300-இல் எடுத்ததால் அந்த முகத்துக்கு மேலிருந்து கீழாக 75 புள்ளிகளே கிடைத்திருந்தன. 75 புள்ளிகளை ஓர் அங்குலத்துக்கு இழுத்தால் சதுரங்கள் தெரியாமல் என்ன செய்யும்?

படத்தில் இருப்பதுதான் கிடைக்கும்

அப்படியானால் எல்லாப் படத்தையும் மிகப் பெரிய எண்ணில் எடுத்துவிடலாமே என்று நினைத்தோம். எங்கள் கணினி ஆசிரியை சிரித்துக்கொண்டே, “கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே!” என்றார். பிறகு ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்தார். முழுப் படத்தையும் எடுக்காமல், நுட்பமான பகுதி ஒன்றை மட்டும், தபால் தலை அளவுக்கு, 300, 600, 1200, 2400 என நான்கு முறை எடுக்க வேண்டும். நான்கையும் திரையில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எந்த எண்ணுக்கு மேல் புதிதாக ஒன்றும் தெரியவில்லையோ, அந்தப் படத்தின் எல்லை அதுவே.

தங்கையின் முகத்தையே எடுத்துப் பார்த்தோம். 600-இல் கண்ணிமையும் காதுத் தோடும் தெரிந்தன. 1200-இல் சடையில் கட்டிய ரிப்பனின் ஓரம் தெளிந்தது. 2400-இல் புதிதாக எதுவும் வரவில்லை. தாளின் சொரசொரப்பு மட்டும் பெரிதாகியது. ஆகவே எங்கள் எண் 1200 என்று முடிவாயிற்று.

எல்லாப் படமும் இவ்வளவு தருவதில்லை. அக்காலத்தில் இத்தகைய குழுப் படங்களை ஸ்டுடியோக்காரர்கள் பெரிய காமிராவில் எடுத்து, படத்தின் அளவே உள்ள நெகடிவைத் தாளின்மேல் நேரே வைத்துப் பிரதி எடுப்பதுண்டு. அப்படி எடுத்தவற்றில் நுட்பம் மிகுதி. ஆனால் 1980களில் எடுத்த வண்ணப் படம் ஒன்றையும் சோதித்தோம். அது சிறு பிலிமிலிருந்து அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கிய படம். மேற்பரப்பில் பட்டுத்துணி போன்ற நெளிவு இருந்தது. அதில் 300-க்கும் 600-க்கும் வேறுபாடே தெரியவில்லை. 1200-இல் அந்த நெளிவுகள்தாம் முகத்தின்மேல் வலைபோல் எழுந்தன. அதற்கு 300 போதும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்கேனரின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கலாம். கண்ணாடிக்கு அடியிலுள்ள கருவி உண்மையாகவே படிக்கும் எண் ஒன்று. இடைப்புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் எண் மற்றொன்று. பின்னது பெரிதாக இருக்கும். ஆனால் அதில் புதிய விவரம் எதுவும் இராது. முன்னதையே நம்ப வேண்டும்.

இடமும் நேரமும்

எண் இரு மடங்கானால் கோப்பு நான்கு மடங்காகிறது. எங்கள் படம் வண்ண முறையில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக, 300-இல் சுமார் 13 மெகாபைட், 600-இல் 52, 1200-இல் 207. (கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ண முறையில் எடுத்தோம். மஞ்சள் கறை அப்போதுதான் படத்தினின்று பிரிந்து தெரியும்.) எங்கள் பள்ளிக் கணினியோ 207-ஐத் திறக்கவே திணறியது. எனவே முழுப் படத்தையும் 600-இல் எடுத்தோம். தங்கை நிற்கும் கடைசி வரிசையை மட்டும், ஓர் அங்குல அகலப் பட்டையாக, 1200-இல் எடுத்தோம். அது 35 மெகாபைட்தான்.

இதையெல்லாம் முன்னரே செய்யாததன் விலை என்ன தெரியுமா? 300-இல் நாங்கள் அகற்றிய விரிசல்களும் கறைகளும் புதிய ஸ்கேனில் மறுபடியும் அப்படியே இருந்தன. பழைய வேலையில் எதையும் அதற்கு மாற்ற முடியவில்லை. நான்கு மாலைகளும் வீண். பாட்டியிடம் மீண்டும் சென்று, மன்னிப்புக் கேட்டு, படத்தை இரண்டாம் முறை வாங்கிவர நேர்ந்தது. நல்ல வேளையாகப் படம் அவரிடம் பத்திரமாக இருந்தது. அது தொலைந்திருந்தால், அந்த 75 புள்ளிகள்தாம் அவர் தங்கையின் முகமாக எஞ்சியிருக்கும்.

இறுதியில் தங்கையின் முகம் பாஸ்போர்ட் படத்தின் அளவுக்குத் தெளிவாக வந்தது. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கித் தர முடியுமா என்று பாட்டி கேட்டார். “முடியாது பாட்டி, படத்தில் அதற்குமேல் இல்லை” என்று உண்மையைச் சொன்னோம். அவர் அதைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். “இந்தத் தோடு என்னுடையது. படம் எடுக்கும்போது கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். அடியோடு மறந்தே போனேன்” என்றார்.

300-இல் அந்தத் தோடு இல்லை, தோழியரே.