மனேஜரின் வொய்ஸும் கேள்விக்குறியும்

கேள்வி: குருநகரில் நண்டு வாங்கி அனுப்பும் வாடியில் வேலை செய்கிறேன். மனேஜர் காலையில் நீளமான வொய்ஸ் அனுப்புவார். எது முதல், எது பிறகு என்று விளங்குவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் தடவை எழுதாமல் முழுதாகக் கேளுங்கள். பேசிக்கொண்டே யோசிப்பவர் தொடக்கத்தில் சொன்னதைக் கடைசியில் மாற்றிவிடுவார். உங்கள் மனேஜர் இப்படிப் பேசுகிறார் என்று வைப்போம்: "ஐஸ் பத்துப் பார் சொல்லு. பெட்டி காணாது போல. அவரின்ர காசை மறக்காதை, அது முக்கியம். லொறி நாலு மணிக்கு. ஐஸ் பன்னிரண்டாய் எடு."

இரண்டாம் தடவை, செய்யவேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள். ஐஸ் பன்னிரண்டு, பத்தை வெட்டிவிடுங்கள். வரிசையை லொறியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நாலு மணிக்கு ஏற்ற வேண்டுமென்றால் அதற்குமுன் அடுக்க வேண்டும், அடுக்கப் பெட்டியும் ஐஸும் வேண்டும். ஆகவே அவை முதலில். "முக்கியம்" என்று அழுத்திச் சொன்ன காசுக்கு நேரம் சொல்லவில்லை. அது கீழே போகலாம், விடுபடக் கூடாது.

"அவர்" யார், எவ்வளவு? பெட்டி வாங்கவா, எண்ணிப் பார்க்கவா? இவற்றை ஊகித்து நிரப்பாமல், மனேஜர் சொன்ன சொல்லையே எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி இடுங்கள். லொறியைத் தடுக்கக்கூடிய பெட்டிக் கேள்வியை உடனே அனுப்புங்கள்: "பெட்டி புதிதாய் வாங்கவா, இருக்கிறதை எண்ணிச் சொல்லவா?" இப்படிக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். "விளங்கவில்லை" என்று அனுப்பினால் இன்னொரு நீள வொய்ஸ்தான் வரும்.