மேற்கோளும் முழுப்பொருளும்

மயிலாப்பூரில் வாடகைக்குக் குடியிருந்த ஒருவர் அடையாற்றுக்குக் குடிபெயர்கிறார் எனக் கொள்வோம். ஜூன் 1ஆம் நாள் வீட்டைக் காலிசெய்தார். வெள்ளையடிக்கும் பணி முடிந்தபின் ஜூன் 10ஆம் நாளே சாவியை ஒப்படைத்தார். முன்பணம் வந்து சேரவில்லை. ஜூலை 5ஆம் நாள் உரிமையாளருக்குக் கடிதம் எழுத முற்படுகிறார். எட்டுப் பக்க வாடகை ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு இது:

“குடியிருப்பவர் வீட்டைக் காலிசெய்து சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தருவார், ஆயினும், 9ஆம் பிரிவில் கண்ட தொகைகளை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.”

அவர் எடுத்தெழுதியதோ, “30 நாள்களுக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தருவார்” என்பது மட்டுமே. ஒவ்வொரு சொல்லும் ஒப்பந்தத்தில் உள்ளதே. எனினும் பொருள் மாறிவிட்டது. கெடு சாவி கொடுத்த நாளிலிருந்து தொடங்குவதால் ஜூலை 10 வரை உரிமையாளருக்குக் காலம் உண்டு. தலைப்பகுதி விடுபட்டதால், கெடு ஜூலை 1ஆம் நாளே கடந்துவிட்டதுபோல் கடிதம் காட்டுகிறது. வாற்பகுதி விடுபட்டதால், செலுத்தாத மின்கட்டணத்தைக் கழிக்கும் உரிமையும் மறைந்துபோகிறது.

இப்பிழையைத் தவிர்க்க, முதலில் பிரிவை முற்றுப்புள்ளி வரை முழுமையாகப் படியெடுக்க வேண்டும். அதில் ‘ஆயினும்’, ‘தவிர’, ‘நீங்கலாக’, ‘உட்பட்டு’ ஆகிய சொற்களைத் தேட வேண்டும். இவை கட்டுப்பாட்டைச் சுமக்கும் சொற்கள். இவற்றோடு வரும் தொடரை நீக்கலாகாது. அடுத்து, பிரிவு சுட்டும் பிற பிரிவுகளையும், சொல் விளக்கப் பகுதியையும் காண வேண்டும். ‘முன்பணம்’ என்பதில் முதல் மாத வாடகை அடங்குமா என்பதை அப்பகுதியே தெளிவுபடுத்தும். பின்னர்க் கையெழுத்தான துணை ஒப்பந்தம் அப்பிரிவைத் திருத்தியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நீண்ட பிரிவில் தொடர்பற்ற பகுதியை விட்டால் அவ்விடத்தில் மூன்று புள்ளிகள் இடுக. நாம் சேர்க்கும் சொல்லைப் பகர அடைப்புக்குள் எழுதுக. அடிக்கோடிட்டால், அது நம்முடையது எனக் குறிப்பிடுக.

சட்டத்தை மேற்கோள் காட்டுவதற்கும் இது பொருந்தும். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்கிறது. ஆனால், மாறான உடன்பாடு இல்லாதபோது என்னும் வரம்புடனே அவ்வாறு கூறுகிறது. அவ்வரம்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்வது பாதி உண்மையே.

திருத்திய கடிதம் இவ்வாறு அமையும்: “ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவை மேலே முழுமையாகத் தந்துள்ளேன். ஜூன் 10ஆம் நாள் சாவியை ஒப்படைத்தேன். எனவே கெடு ஜூலை 10ஆம் நாள் முடிகிறது. 9ஆம் பிரிவின்படி கழிக்க வேண்டிய தொகை இருப்பின் விவரம் தருக. அவ்விரு பிரிவுகளும் உள்ள பக்கங்களின் படிகளை இணைத்துள்ளேன்.”

எதிர்த்தரப்பினர் மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தாலும், “இதை ஏன் விட்டீர்?” என வினவ இடமின்றி அமைவதே நேரிய மேற்கோள்.