எந்தக் கூரையின் மழை?

நான் நீண்டகாலம் குடியிருந்த நெய்வேலி நகரியத்து வீட்டுக்குக் கனத்த காங்கிரீட் தளம் இருந்தபடியால், மழை பெய்கிறதா இல்லையா என்பதைச் சன்னலைத் திறந்து பார்த்துத்தான் நிச்சயித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் சைக்கிளையும் பழைய பத்திரிகைக் கட்டுகளையும் போட்டுவைப்பதற்காக வீட்டின் பின்புறத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியாக ஒரு தகரக் கொட்டகை போட்ட பிறகு, மழை வந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவது என் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு உட்கார்ந்த முதல் வருஷத்தில் ஒரு வர்ணனை எழுதினேன். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்றும், தகரத்தின் மேல் மழை மத்தளம் கொட்டியது என்றும், மண்வாசனை நாசியை நிறைத்தது என்றும், மனம் குழந்தையாகித் துள்ளியது என்றும் அதில் இருந்தன. படித்த நண்பர்கள் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றே சொன்னார்கள்.

கூலிப் பாக்கி வாங்க வந்த மேஸ்திரியிடமும், கொட்டகையைப் போட்டவர் அவர்தானே என்ற உரிமையில், அதை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. இது எந்தக் கூரை சார்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் எழுதியது மதுரைக்கும் பொருந்தும், மலேயாத் தோட்டத்து லயத்துக்கும் பொருந்தும், தகரக் கூரையையே பார்த்திராதவன் எழுதியதாகவும் இருக்கலாம். மத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். இடிமுழக்கத்துக்கு முரசை உவமானமாகச் சொன்ன சங்கப் புலவர்கள் முரசைப் பிரத்தியட்சமாகக் கேட்டவர்கள். அவர்கள் சொன்னதும் இடியைப் பற்றியே. நானோ மத்தளத்தை வருஷத்துக்கு ஒரு முறை கோயில் திருவிழாத் தெருக்கூத்தில் தூரத்திலிருந்து கேட்டவன். தகரத்தின் சப்தத்தை மழைதோறும் தலைக்கு மேல் கேட்பவன். நன்றாகத் தெரிந்த ஒன்றை அரைகுறையாகத் தெரிந்த ஒன்றைக் கொண்டு விளக்கப் புகுந்தது என்ன புத்தி என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மேஸ்திரி ஸ்டூல் ஒன்றின் மேல் ஏறி, விரல் முட்டியால் தகரத்தை அங்கங்கே தட்டினார். குறுக்குக் குழாயோடு ஜே போல்ட்டால் இறுக்கியிருக்கும் இடத்தில் சப்தம் 'டக்' என்று குறுகி நின்றது. இரண்டு குழாய்களுக்கு நடுவே, தகரம் பிடிப்பில்லாமல் கிடக்கும் இடத்தில், அதே தட்டு 'டும்' என்று இறங்கிச் சற்று நேரம் நீடித்தது. "மழைக்கு ஏது சார் சத்தம்? சத்தமெல்லாம் தகரத்தோடது" என்று அவர் சொன்னதை, மழையைப் பற்றி எழுத விரும்புகிற யாருக்கும் முதற்பாடமாக நான் சொல்லுவேன். அதற்குப் பிறகு மழையை எழுதுவதை விட்டுவிட்டுத் தகரத்தை எழுதத் தொடங்கினேன்.

அப்படித் தொடங்கியதும் முதலில் புலப்பட்டது, எங்கள் ஊரில் தகரத்தின் மேல் விழும் மழை ஒன்றல்ல, இரண்டு என்பது. ஆடி ஆவணி மாதங்களில், பகலெல்லாம் காய்ந்து கைவைக்க முடியாதபடி கொதிக்கும் தகரத்தின் மேல், சாயங்காலம் மேற்கேயிருந்து இடியோடு வருவது ஒரு மழை; ஐப்பசி கார்த்திகையில், ஏற்கனவே குளிர்ந்து கிடக்கும் தகரத்தின் மேல், கிழக்கே கடலூர்க் கடலிலிருந்து விட்டு விட்டு, பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வருவது வடகிழக்குப் பருவமழை. முந்தியதில் முதல் துளிக்கும் முன்பே ஒரு சப்தம் உண்டு: மழைக்கு முன் வரும் குளிர்ந்த காற்றுப் பட்டவுடன் தகரம் சுருங்கத் தலைப்பட்டு, போல்ட்டுகளின் அருகே, யாரோ விரலை நெட்டி முறிப்பது போல இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொடுக்குவிடும். அதன் பிறகு விழும் முதல் துளிகள் தகரத்தில் கறுப்பு வட்டங்களாகத் தெரிந்து, எண்ணுவதற்குள் உலர்ந்து மறைந்துபோகும். அந்நேரத்தில் கொட்டகைக்குள் இருப்பவனுக்கு, உச்சந்தலையின் மேல் அதுவரை இறங்கிக்கொண்டிருந்த வெக்கை சட்டென்று நின்றுபோவதுதான் மழையின் முதல் ஸ்பரிசம். அவன் மேனியில் ஒரு துளிகூட விழுந்திராது. கார்த்திகை மழையில் இவற்றில் எதுவும் கிடையாது. கார்த்திகை இரவைப் பற்றி எழுதிவிட்டு அதில் 'கொதிக்கும் தகரத்தில் சுர்ரென்று விழுந்த துளி' என்று ஒரு பிரயோகத்தைச் சேர்ப்பவர், மழையைக் கேளாமல் எழுதுகிறார் என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே வெளிப்பட்டுவிடும்.

பருவமழையின் சப்தத்தைக் கவனிக்க நான் கைக்கொண்ட முறை மிகவும் எளியது. சிலேட்டுப் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, சப்தம் மாறும்போதெல்லாம் ஒரு கோடு இழுத்து, மாறியது என்ன என்பதை இரண்டொரு சொல்லில் குறிப்பேன். அப்போது உவமானம் எதுவும் எழுதுவதில்லை என்பது மட்டுமே நியமம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு மழைகளுக்குப் பிறகு ஒரு கிரமம் தெரிந்தது. தூறலில் துளிகள் தனித்தனியே கேட்கும். போல்ட்டருகே விழுந்தது எது, நடுவில் விழுந்தது எது என்று பிரித்தறியலாம். மழை வலுக்கும்போது சப்தம் பெருகுவது எல்லோரும் அறிந்ததே. இதில் துளியின் அளவுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர்த் துளி நொடிக்குச் சுமார் நாலு மீட்டர் வேகத்தில் இறங்க, ஐந்து மில்லிமீட்டர்த் துளி ஒன்பது மீட்டர் வேகத்தில், அதைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட எடையோடு இறங்குகிறது. ஆனால் நான் எதிர்பாராதது அடுத்த கட்டம். மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட சற்று நேரத்தில், தகரத்தின் பள்ளங்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும், அங்கே விழும் துளிகள் தகரத்தைத் தொடாமல் தண்ணீரின் மேலேயே விழுகின்றன. மேடுகள் மட்டும் ஏறக்குறைய வெறுமையாக நின்று ஒலிக்கின்றன. ஆகவே மழை மிகுந்தும் உலோகத்தின் கூர்மை குறைந்து, சப்தம் தடித்து, மங்கி, ஓட்டமாகிவிடுகிறது. மழை ஓயும்போது இது தலைகீழாக நடக்கும்: பள்ளங்கள் வடிந்தபின் உலோகச் சப்தம் திரும்ப வருவதால், குறைந்துகொண்டிருக்கும் மழை ஒரு கணம் வலுத்ததுபோல் காதை ஏமாற்றும்.

மண்வாசனை என்ற சொல்லை நான் அடித்துவிட்டதற்கும் காரணம் உண்டு. அந்த வாசனை உண்மையே. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். ஆயினும் அது காய்ந்த மண்ணில் முதல் இளந்தூறல் விழும்போது எழுவது; அடைமழையின் மூன்றாம் நாள் அதைத் தேடுவது வீண். கொட்டகைக்குள் எனக்கு உண்மையில் வந்தது வேறு: ஈரமான பழைய காகிதக் கட்டின் புளித்த நெடி, சைக்கிள் சங்கிலி எண்ணெய், தகரத்தின் மேல் சருகாகிக் கிடந்த வேப்பிலை ஊறும் கசப்பு. அத்தோடு இது பழுப்பு நிலக்கரி ஊர். கூரையிறப்பின் கீழ் வெள்ளைப் பாத்திரம் ஒன்றை வைத்துப் பார்த்தால், பல நாள் வறட்சிக்குப் பின் விழும் முதல் தண்ணீரில் மெல்லிய சாம்பல் நிற வண்டல் தங்கும். அரைமணி கழித்து வைத்த பாத்திரத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும். அந்தச் சாம்பல் நிறத்தை எழுதினால் ஊரின் பெயரைத் தனியே எழுத வேண்டிய அவசியமில்லை.

கூரையிறப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். நெளிதகரத்தில் பள்ளத்துக்குப் பள்ளம் மூன்று அங்குலம்; ஆதலால் பத்தடிக் கூரையிலிருந்து தண்ணீர் திரைபோல் விழுவதில்லை, நாற்பது கயிறுகளாக விழுகிறது. கீழே எங்கள் செம்மண்ணில் அந்த நாற்பதும் வரிசையாக நாற்பது குழி தோண்டி, மண்ணைக் கரைத்தெடுத்துவிட்டு, ஒவ்வொரு குழியிலும் கழுவின கூழாங்கல் சிலவற்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். மழை முடிந்த பின்னும் படித்துப் பார்க்கக்கூடிய வர்ணனை அது. கேளாத மழையைக்கூட அதைக்கொண்டு எழுதிவிடலாம்.

பெருமழையை எழுதும்போது மட்டும் இந்த நுட்பங்கள் போதவில்லை. 2015 நவம்பர் 9ஆம் தேதி, இருபத்துநாலு மணி நேரத்தில் நெய்வேலியில் 483 மில்லிமீட்டர் பெய்ததாகப் பதிவாயிற்று. 'பேய்மழை' என்றால் ஒன்றும் தெரியாது. 483 என்றாலும் ஒன்றும் தெரியாது. சதுர மீட்டர் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் என்ற கணக்கில், என் கொட்டகைக் கூரையின் மேல் மட்டும் ஐயாயிரத்து நானூறு லிட்டர் அளவுக்கு விழுந்திருக்கிறது; பதினைந்து லிட்டர்க் குடத்தால் முந்நூற்றறுபது குடம். அந்த இரவில் நான் குறித்துக்கொள்ள நினைத்த கோடுகள் சிலேட்டில் விழவேயில்லை, ஏனெனில் சப்தம் மாறவில்லை. மாறாத சப்தத்தைக் காது ஒரு கட்டத்துக்குமேல் கேட்பதை விட்டுவிடுகிறது; அப்போது கண்ணால்தான் அறிய வேண்டும். கொல்லைக் கதவருகே நின்று என் மனைவி ஏதோ சொல்ல, அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்து, நான் காதைத் தொட்டுக் காட்ட, அவள் சோறு ஆறுகிறது என்பதைக் கையால் பிசைந்து காட்டிவிட்டுப் போனாள். அந்த மழையைப் பற்றி நான் எழுதியதில் இன்றைக்கும் அடிக்காமல் வைத்திருப்பது அந்தச் சைகை ஒன்றைத்தான்.

மறுவருஷம் கார்த்திகையில் எழுதிய ஒரு பகுதியை மேஸ்திரி வந்திருந்தபோது மீண்டும் வாசித்தேன். அது இது: "தூறல் நின்றபாடில்லை. சைக்கிளுக்கு நேர் மேலே துளிகள் குறுகி ஒலிக்கின்றன. காகிதக் கட்டுக்கு மேலே இறங்கி ஒலிக்கின்றன. கிழக்கு ஓரத்தில் சுவரிலிருந்து மூன்றாவது மேட்டில் மட்டும் துளி விழுந்தால் கரகரவென்று ஒரு நடுக்கம் கூடவே வருகிறது. காற்று அடித்தால் துளியில்லாமலே அந்த நடுக்கம் கேட்கிறது. பள்ளங்கள் நிறைந்ததும் மற்ற சப்தமெல்லாம் மங்கிவிட்டது, அது மங்கவில்லை."

மேஸ்திரி இந்த முறை நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. எழுந்துபோய்க் கிழக்கு ஓரத்தில் அண்ணாந்து பார்த்தார்.

"மூணாவது மேடுதானே சார்? போல்ட்டு லூஸாயிருக்கு, தார் வாஷர் செத்துப்போச்சு. இப்ப ஒழுகாது, காத்தோட மழை வந்தா ஓட்டை வழியா உள்ளே ஏத்தும். அந்தப் பேப்பர் கட்டை இப்பவே நகர்த்தி வைங்க, ஞாயித்துக்கிழமை வாஷரோட வர்றேன்."