கூட்டுக் கணக்கு: இப்போதே சரிபார்க்க வேண்டியவை

கூட்டுக் கணக்கில் நாமினி பெயருக்கு முன்பே பார்க்க வேண்டியது, கணக்கை யார் இயக்கலாம் என்ற குறிப்பு. வத்தல்மலையில் மிளகும் காப்பியும் விற்ற பணத்தைப் போட்டுவைக்கும் ஒரு கணவன் மனைவி கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் 'இருவரும் சேர்ந்து' என்று இருந்தால், கணவர் இறந்தபின் மனைவியின் கையெழுத்து மட்டும் போதாது. கணவரின் வாரிசுகளும் சேர்ந்துதான் பணம் கேட்க வேண்டும். நாமினியாக மகன் பெயர் இருந்தாலும் அப்போது உதவாது. நாமினியின் முறை, இருவருமே இறந்த பிறகுதான் வரும். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று இருந்தால் மனைவியே பணம் எடுக்கலாம். இந்தக் குறிப்பை மாற்ற இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் போனபின் வழியில்லை.

வைப்புத் தொகைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவர் இறந்தால் உயிருடன் இருப்பவர் முதிர்வுக்கு முன்பே எடுக்கலாம் என்ற சம்மதத்தை, தொடங்கும்போதோ பின்னரோ, இருவரும் உயிருடன் இருக்கும்போதே எழுதித் தந்திருக்க வேண்டும். பலரும் விடுவது இதைத்தான்.

நாமினி படிவமான டிஏ-1-இல் கணக்குதாரர் எல்லோரும் கையொப்பமிட வேண்டும். கைநாட்டு என்றால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். நாமினி சிறுவர் என்றால், அவர் சார்பில் பணம் பெறுபவரின் பெயரும் வேண்டும். இனிஷியல் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். படிவம் கொடுத்ததற்கான ஒப்புகையை வாங்கி, பாஸ்புக்கில் நாமினி பதிவான குறிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.