நாணயக் கணக்கில் ஓர் அரை: இளம் புள்ளியியல் ஆசிரியருக்குக் கடிதம்

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

மாணவர்கள் இப்போது பழைய வினாத்தாள்களை ஸ்கேன் செய்த பக்கங்களாகத்தான் கொண்டுவருகிறார்கள். அப்படி வரும் கணக்குகளில் நீங்கள் அடிக்கடி காணப்போவது ஒன்று: சீரான நாணயம் 100 முறை சுண்டப்படுகிறது, தலை விழும் எண்ணிக்கை 40-க்கும் 60-க்கும் இடையில் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? பக்கம் மங்கியிருந்தால் `≤` குறியின் அடிக்கோடு அழிந்து `<` ஆகத் தெரியும். அந்தச் சிறு கோடு விடையையே மாற்றிவிடும்.

ஈருறுப்புப் பரவலில் சராசரி np = 50; திட்ட விலக்கம் √(npq) = √25 = 5. n பெரிதாக இருப்பதால் இயல்நிலைப் பரவலைக் கொண்டு தோராயமாகக் கணக்கிடலாம். டி முவாவர் 1733-இல் காட்டிய வழி இது. ஆனால் தலைகளின் எண்ணிக்கை முழு எண்களில் மட்டுமே வரும். இயல்நிலை வளைவோ இடைவெளியின்றி ஓடும். ஒவ்வொரு முழு எண்ணுக்கும் 1 அகலமுள்ள செவ்வகம் ஒன்றை வரைந்து பாருங்கள். 40-க்கான செவ்வகம் 39.5-இல் தொடங்கி 40.5-இல் முடியும். 40-ஐச் சேர்க்க வேண்டுமானால் அந்தச் செவ்வகம் முழுவதும் உள்ளே வர வேண்டும். வேண்டாமென்றால் முழுவதும் வெளியே போக வேண்டும். தொடர்ச்சித் திருத்தம் என்பது இவ்வளவுதான்.

மாணவர்கள் பலர் 40-லும் 60-லும் நேராக வெட்டிவிடுவார்கள். அப்போது z = ±2; அட்டவணைப்படி விடை 0.9544. இரு முனைகளையும் சேர்த்துச் சரியாகக் கூட்டினால் வருவது 0.9648. 0.0104 குறைகிறது. அது எங்கே போனது? 40 தலை விழுவதற்கான நிகழ்தகவு 0.0108, 60-க்கும் அதே அளவு. நேராக வெட்டும்போது இரு செவ்வகங்களிலும் பாதிப் பாதி வெளியே விழுந்துவிடுகிறது. இரண்டு பாதிகளும் சேர்ந்தால் 0.0108. ஏறத்தாழ அதே அளவுதான் விடையில் குறைந்திருக்கிறது. கரும்பலகையில் இதைக் காட்டிவிட்டால், "அரையைக் கூட்டணுமா, கழிக்கணுமா சார்?" என்ற கேள்விக்கு மாணவர்களே விடை சொல்வார்கள்.

இப்போது குறிக்கு வருவோம். 40 ≤ X ≤ 60 என்றால் எல்லைகள் 39.5, 60.5; z = ±2.1, விடை 0.9642. 40 < X < 60 என்றால் உள்ளே இருப்பவை 41 முதல் 59 வரை, எல்லைகள் 40.5, 59.5; z = ±1.9, விடை 0.9426. சரியான மதிப்பு 0.9431. திருத்தத்தோடு செய்தால் இரு நிலையிலும் பிழை 0.001-க்குள் அடங்குகிறது.

ஸ்கேனில் குறி தெரியாவிட்டாலும் விடைப்பக்கம் தெளிவாக இருந்தால், விடையிலிருந்து குறியைக் கண்டுபிடிக்கலாம். 0.964 என்றிருந்தால் முனைகள் சேர்ந்தவை. 0.943 என்றிருந்தால் சேராதவை. 0.95 என்று மட்டும் இருந்தால் திருத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். 40 சேர்ந்து 60 சேராமல் இருந்தால், z −2.1-இலிருந்து 1.9 வரை போகும், விடை 0.4821 + 0.4713 = 0.9534. இது 0.9544-க்கு மிக அருகில் இருப்பதால் மூன்றாம் தசம இடத்தையும் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

விடைப்பக்கமும் இல்லையென்றால் ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டு பொருளையும் சொல்லி, இரண்டு விடைகளையும் போட்டுக்காட்டுங்கள்.

இந்த அரையின் எடை எப்போதும் ஒன்றாக இருக்காது. z-இல் அது உண்டாக்கும் மாற்றம் 0.5/σ. 100 சுண்டல்களில் அது 0.1. அதே நாணயத்தை 10,000 முறை சுண்டினால் σ = 50 ஆகிவிடுகிறது; மாற்றம் 0.01 மட்டுமே. 4900 முதல் 5100 வரை கேட்டால் விடை ஏறத்தாழ 0.001 தான் மாறும். n பெரிதாகப் பெரிதாகத் திருத்தம் தேவைப்படாமல் போவது இதனால்தான்.

திருத்தம் காப்பாற்றாத இடமும் உண்டு. தலை விழும் வாய்ப்பு 0.01 மட்டுமே உள்ள நாணயத்தை 100 முறை சுண்டினால் np = 1. ஒரு தலைகூட விழாமலிருக்க நிகழ்தகவு 0.366. இயல்நிலை வளைவில் 0.5-க்கு இடப்பக்கம் முழுவதையும் எடுத்தாலும் 0.308 தான் வருகிறது, அதிலும் 0.066 பங்கு −0.5-க்குக் கீழே, நடக்கவே முடியாத எண்ணிக்கைகளில் கிடக்கிறது. அங்கே பாய்சான் பரவலுக்குப் போங்கள், அது 0.368 தரும். np, nq இரண்டும் குறைந்தது 5 இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் மாணவர்களிடம் ஒரு பழக்கத்தை மட்டும் வற்புறுத்துங்கள். z-ஐத் தொடுமுன் X = 40, 41, …, 60 என்று உள்ளே வரும் முழு எண்களை ஒரு வரியில் எழுதட்டும். அந்த வரி சரியாக இருந்தால் அரை தானாக உரிய இடத்தில் உட்காரும். தவறாக இருந்தால், பிழை எங்கே என்று திருத்தும்போது உங்களுக்கும் உடனே தெரியும்.

அன்புடன்,
ஒரு மூத்த புள்ளியியல் ஆசிரியர்